பணம் கட்டுவது ஒருவர்... பயணம் போவது 42 பேர்! குரூப் டிக்கெட்டில் எங்கே சறுக்குகிறது?

பள்ளிச் சுற்றுலா என்றாலும் சரி, கம்பெனி டூர் என்றாலும் சரி, கடைசியில் எல்லாம் ஒருவரின் போனில் வந்துதான் நிற்கும். பணத்தை வசூலிப்பவர் அவர்தான், டிக்கெட் போடுபவரும் அவர்தான். 'சார், என் பையனுக்கு அம்மை போட்டிருக்கு, வர முடியாது', 'அண்ணே, எனக்குப் பதிலா மச்சான் வரலாமா?' என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்வதும் அவர்தான்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் இந்த வேலை இரண்டு இடங்களில் வரும். ஒன்று, பள்ளிகள். இன்னொன்று, தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளில் வேலை ஓய்ந்திருக்கும் நாள்களில் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு போகும் பயணங்கள். வேன் பிடித்துப் போனால் பிரச்னை குறைவு. ஒருவர் வராவிட்டால் அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்துவிடலாம். ரயிலில் அது நடக்காது.

காரணம் எளிமையானது. பணம் யார் கட்டினார்கள் என்று ரயில்வே பார்ப்பதில்லை. ஒவ்வொரு பெர்த்துக்கும் ஒரு பெயர், ஒரு வயது. அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும்தான் அதில் பயணம் செய்யலாம். பணம் ஒரே கையிலிருந்து போனாலும், டிக்கெட் 42 தனித்தனிப் பெயர்களாகத்தான் பதிவாகிறது. குரூப் டிக்கெட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம். விஸ்வநத்தத்தில் ஒரு பள்ளி. 35 மாணவர்களும் 7 ஆசிரியர்களும் சென்னைக்குப் போகிறார்கள். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், எழும்பூரில் அருங்காட்சியகம், வண்டலூரில் உயிரியல் பூங்கா பார்ப்பது திட்டம். செங்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி வழியாகத்தான் செல்கிறது. அதில் ஸ்லீப்பர் வகுப்பில் 42 பெர்த் வேண்டும்.

ஆறு ஆறாகப் பிரியுங்கள்

முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர்தான். அதாவது, ஒரு பி.என்.ஆர். எண்ணுக்குள் 6 பெயர்கள். அப்படியானால் 42 பேருக்கு 7 டிக்கெட்கள். எளிய வகுத்தல் கணக்கு என்று தோன்றும். ஆனால், எந்த ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலரும் செய்வது இதுதான். வருகைப் பதிவேட்டைத் திறந்து, அகர வரிசையில் முதல் ஆறு பேரை முதல் டிக்கெட்டில் போடுவார்கள். ஆசிரியர்கள் ஏழு பேரையும் சேர்த்துக் கடைசியில் போடுவார்கள். இதில் இரண்டு தொல்லைகள் வரும்.

முதல் தொல்லை, அடையாள அட்டை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒரு பி.என்.ஆரில் இருக்கும் பயணிகளில் யாராவது ஒருவரின் அசல் அடையாள அட்டையைக் கேட்பார். 7 டிக்கெட் என்றால், ஒவ்வொன்றிலும் ஒருவரிடமாவது அட்டை இருக்க வேண்டும். தலைமை ஆசிரியரின் ஒரே ஆதார் அட்டை 42 பேருக்கும் செல்லாது. புகைப்படத்துடன் பள்ளி கொடுத்த அடையாள அட்டை செல்லும் என்றாலும், ஆறு பிள்ளைகளில் ஒருவராவது அதை மறக்காமல் கொண்டுவர வேண்டுமே!

இரண்டாவது தொல்லை, பெர்த் சிதறுவது. ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அருகருகே இடம் கிடைக்கும். அடுத்த பி.என்.ஆருக்கு வேறு பெட்டியே கிடைக்கலாம். ஆசிரியர்களில் ஆறு பேர் ஒரே டிக்கெட்டில் இருந்தால், அவர்கள் எஸ்-3 பெட்டியிலும், ஆறு பிள்ளைகள் மட்டும் எஸ்-7 பெட்டியிலும் இரவைக் கழிக்க வேண்டிவரும்.

ஆகவே, ஒவ்வொரு டிக்கெட்டிலும் 5 மாணவர்கள், 1 ஆசிரியர். ஏழு டிக்கெட்டுக்கும் இதே கணக்கு. எந்தப் பெட்டியில் இடம் விழுந்தாலும் ஒவ்வொரு குழுவுடனும் ஒரு பெரியவரும் ஓர் அடையாள அட்டையும் இருக்கும். மாணவிகள் இருக்கும் டிக்கெட்டில் ஆசிரியை ஒருவரைச் சேர்ப்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

இதே இடத்தில் இன்னொரு விஷயம். டிக்கெட் எடுக்கும்போது 'உயர் வகுப்பில் இடம் காலியாக இருந்தால் மாற்றித் தரலாமா' என்று ஒரு கேள்வி வரும். தனியாகப் போகும்போது 'சரி' என்பது லாபம். குழுவாகப் போகும்போது 'வேண்டாம்' என்பதே நல்லது. முழுக் கட்டணம் செலுத்திய ஒரு டிக்கெட் மட்டும் ஏ.சி. பெட்டிக்கு மாறிவிட்டால், அந்த ஆறு பேர் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுவார்கள்.

போனிலா, கவுன்டரிலா?

கம்பெனி டூர் என்றால் போனிலேயே ஏழு டிக்கெட்டையும் போட்டுவிடலாம். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் இணைக்காதவர்கள் மாதம் 12 டிக்கெட்டும், இணைத்தவர்கள் 24 டிக்கெட்டும் எடுக்கலாம். போக 7, வர 7 என்றால் 14. ஆதார் இணைக்காத கணக்கில் திரும்பி வரும் டிக்கெட்டுகளில் இரண்டு பாதியில் நின்றுபோகும். அதை முன்பதிவு நாளன்று கண்டுபிடிப்பதைவிட முன்பே இணைத்துவிடுவது நல்லது.

பள்ளி என்றால் கவுன்டர்தான் சரி. காரணம் கட்டணச் சலுகை. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்புகளில் பொதுப் பிரிவினருக்கு 50 சதவிகிதமும், பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவிகிதமும் கட்டணச் சலுகை உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பில் 75 சதவிகிதச் சலுகை தனியாக இருக்கிறது. இதற்கெல்லாம் ரயில்வேயின் படிவத்தில் பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்று வேண்டும். ஆன்லைனில் இந்தச் சலுகையைப் பெற முடியாது. அவசரப்பட்டு போனில் முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டால், பிறகு சான்றிதழைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இல்லை.

கவுன்டரில் மொத்தமாக டிக்கெட் கேட்க ஒரு கடிதம் வேண்டும். பயண நாள், ரயில், வகுப்பு, பயணத்தின் காரணம், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றோடு, எல்லோருடைய பெயர், வயது, பாலினம் அடங்கிய பட்டியலையும் இணைக்க வேண்டும். குழுவின் எண்ணிக்கையைப் பொறுத்து அனுமதி தரும் அதிகாரி மாறுவார். சிவகாசி நிலையம் தெற்கு ரயில்வேயின் மதுரை கோட்டத்தில் வருகிறது. எனவே, பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே நிலையத்தின் முன்பதிவு அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்து, கடிதம் யார் பெயருக்கு எழுத வேண்டும், சலுகைப் படிவம் எங்கே வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

முன்பதிவு திறப்பது பயண நாளுக்கு 60 நாள் முன்பு. 2024 நவம்பர் 1-க்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் 'நாலு மாசம் முன்னாடியே எடுத்துடலாம்' என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலைத் தயார் செய்யும் வேலை இந்த 60-ஆவது நாளுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தால், பெர்த்துகள் கைநழுவிப் போகும்.

ஏழாவது டிக்கெட்டின் ஆபத்து

ஏழு டிக்கெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும்போது, முதல் ஐந்துக்கு உறுதியான இடம் கிடைத்து, ஆறாவதில் பாதிப் பேர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய், ஏழாவது முழுவதுமே வெயிட்டிங் லிஸ்ட்டில் விழலாம். இந்த இரண்டும் ஒன்றல்ல. வித்தியாசம் பெரியது.

ஆன்லைனில் எடுத்த ஆறாவது டிக்கெட்டில் மூன்று பேருக்கு இடம் உறுதியாகி, மூன்று பேர் காத்திருப்பில் இருந்தால், அந்த ஆறு பேருமே ரயிலில் ஏறலாம். இருக்கும் பெர்த்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால், ஏழாவது டிக்கெட்டில் ஆறு பேருமே இறுதிவரை காத்திருப்பில் இருந்தால், அட்டவணை தயாரானதும் அந்த டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். பணம் திரும்ப வந்துவிடும். ஆனால், பிள்ளைகள் ஏற முடியாது. கவுன்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் தானாக ரத்தாகாது என்றாலும், அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் பயணம் செய்ய அனுமதி இல்லை.

சுற்றுலா கிளம்பும் நாளில் ஐந்து மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைவிடக் கொடுமை வேறில்லை. எனவே, முதல் டிக்கெட்டை எடுக்கும் முன்பே அந்த ரயிலில் அந்த வகுப்பில் 42-க்கு மேல் இடம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால், தேதியை ஒரு நாள் தள்ளுவதா, குழுவை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு ரயில்களில் அனுப்புவதா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். ஐந்து டிக்கெட் கையில் வந்தபிறகு யோசித்தால், அவற்றை ரத்து செய்யும் செலவும் சேர்ந்துவிடும்.

'எனக்குப் பதிலா இவன் வரட்டும்'

குழுப் பயணத்தில் கட்டாயம் நடக்கும் விஷயம் ஒன்று உண்டென்றால், கடைசி வாரத்தில் யாராவது வராமல் போவதுதான். இங்கேதான் பள்ளியும் கம்பெனியும் தனித்தனி வழியில் போகின்றன.

பள்ளிக்கு ரயில்வே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளியின் தலைமை ஆசிரியர், ரயில் கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் எழுத்துபூர்வமாகக் கேட்டால், ஒரு மாணவர் பெயரில் உள்ள இடத்தை அதே பள்ளியின் இன்னொரு மாணவர் பெயருக்கு மாற்றித் தருவார்கள். நிபந்தனைகள் இரண்டு. குழுவின் மொத்த எண்ணிக்கையில் 10 சதவிகிதத்துக்கு மேல் மாற்ற முடியாது. இந்த மாற்றத்தை ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும்.

நம் உதாரணத்தில் 42 பேர். பத்து சதவிகிதம் என்றால் 4 பேர். வெள்ளிக்கிழமை மாலை ரயில் என்றால், புதன்கிழமை மாலைக்குள் கடிதம் கவுன்டரில் இருக்க வேண்டும். திங்கள்கிழமை ஒரு பையன் வரவில்லை என்றதும் ஓடிப்போய் மாற்றிவிட்டால், செவ்வாய்க்கிழமை இன்னொருவர் விலகும்போது கதவு மூடியிருக்கும். ஆகவே, பெற்றோர்களிடம் செவ்வாய் இரவுதான் கடைசி என்று சொல்லிவிட்டு, விலகுகிறவர்களை ஒரே பட்டியலாகச் சேர்த்து, புதன்கிழமை காலையில் ஒரே கடிதமாகக் கொடுப்பதுதான் வழி. அதற்கு மாற்று ஆள்களும் தயாராக இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பெற்றோர் சம்மதக் கடிதத்தோடு நான்கு பேரைக் காத்திருப்பில் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாண கோஷ்டிக்கும் இதே 48 மணி நேர விதி, இதே 10 சதவிகித விதி உண்டு. ஆனால், கம்பெனிக்கு இப்படி ஒரு விதி இல்லை. தனிநபர் டிக்கெட்டில் பெயர் மாற்ற வேண்டும் என்றால், ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் கேட்க வேண்டும். அதுவும் தாய், தந்தை, உடன்பிறந்தவர், மகன், மகள், கணவன், மனைவி ஆகியோருக்கு மட்டும்தான் மாற்ற முடியும். வராத தொழிலாளியின் இடத்தில் அவருடைய மனைவி வரலாம். பக்கத்து மருந்து அறையில் வேலை செய்யும் நண்பர் வர முடியாது. மச்சானும் அந்தப் பட்டியலில் இல்லை!

'பேரைப் பார்க்கவா போறாங்க' என்று மாற்றி ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பரிசோதகர் கேட்டால், அந்த நபர் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவராகத்தான் கருதப்படுவார். கட்டணமும் அபராதமும் அவரிடம்தான் கேட்கப்படும். பணம் கட்டிய முதலாளி ஊரில் இருப்பார். நடு ராத்திரியில் மாட்டிக்கொள்வது தொழிலாளி.

எனவே, கம்பெனி டூருக்குப் பட்டியலை இறுக்கமாகப் போட வேண்டும். பெயரைக் கொடுக்கும்போதே அடையாள அட்டையின் புகைப்படத்தை வாங்கி, அதில் உள்ளபடியே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஊரில் 'கண்ணன்' என்று கூப்பிடப்படுபவர் ஆதாரில் 'முனியசாமி'யாக இருப்பது இங்கே சகஜம்தானே!

திரும்பி வரும் பணம் யாருடையது?

விலகியவருக்குப் பதில் ஆள் இல்லை என்றால், அந்த ஒரு பெயரை மட்டும் டிக்கெட்டிலிருந்து ரத்து செய்யலாம். மற்ற ஐந்து பேரின் இடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆன்லைன் டிக்கெட் என்றால் போனிலேயே செய்யலாம். கவுன்டர் டிக்கெட் என்றால் அசல் டிக்கெட்டுடன் கவுன்டருக்குப் போகலாம். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க அந்தப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். அட்டவணை தயாரான பிறகு, உறுதியான டிக்கெட்டைச் சாதாரணமாக ரத்து செய்து பணம் வாங்க முடியாது.

இப்போது சண்டை வரும் இடம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டின் ரீஃபண்ட், எந்தக் கணக்கிலிருந்து பணம் போனதோ அந்தக் கணக்குக்கே திரும்பும். பயணியின் கணக்குக்குப் போகாது. டிக்கெட் போட்ட சூப்பர்வைசர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால், முதலாளியின் பணம் சூப்பர்வைசரிடம் வந்து விழும். ஏழு டிக்கெட், பல ரத்துகள், வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு தொகைகள். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் சந்தேகம்தான் மிஞ்சும்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு டிக்கெட் 400 ரூபாய், ரத்துப் பிடித்தம் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 42 பேருக்கு 16,800 ரூபாய் போகிறது. மூன்று பேர் விலகுகிறார்கள். ஆளுக்கு 280 வீதம் 840 ரூபாய் திரும்ப வருகிறது. 360 ரூபாய் போய்விட்டது. ஆக, 39 பேர் பயணத்துக்கு 15,960 ரூபாய் செலவு. அந்த 360 யார் தலையில்? கம்பெனியா, விலகியவரா? பள்ளி என்றால், காய்ச்சலில் படுத்த பிள்ளையின் பெற்றோரா? இதை வசூலின்போதே சொல்லிவிட்டால் பிரச்னை இல்லை. 'கடைசித் தேதிக்குப் பிறகு விலகினால், ரயில்வே பிடிப்பது போக மீதிதான் கிடைக்கும்' என்று சுற்றறிக்கையில் ஒரு வரி போதும்.

கையில் ஒரு நோட்டு அல்லது போனில் ஓர் எக்ஸெல் ஷீட் வைத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு ஒரு பெயர். பக்கத்தில் பி.என்.ஆர்., பெட்டி, பெர்த், கட்டிய தொகை, ரத்தான தேதி, திரும்பி வந்த தொகை. டிக்கெட் வாரியாகக் கணக்கு எழுதினால் யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. பெயர் வாரியாக எழுதினால்தான் தெரியும். பி.என்.ஆர். பற்றிய குறுஞ்செய்திகளும் முன்பதிவில் கொடுத்த ஒரே எண்ணுக்குத்தான் வரும் என்பதால், அட்டவணை தயாரானதும் ஒவ்வொருவருக்கும் பெட்டியும் பெர்த்தும் சொல்ல இந்த ஷீட்தான் உதவும்.

பைக்குள் என்ன இருக்கிறது?

பெரிய குழுக்கள் ஒரு பெட்டியையே மொத்தமாக எடுக்கும் வசதியும் ரயில்வேயில் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் விண்ணப்பித்து, ஒரு பெட்டிக்கு 50,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். இங்கேயும் பணம் கட்டுபவர் ஒருவர், பயணிகள் பலர்.

அப்படி ஒரு பெட்டிதான் 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் தீப்பிடித்தது. உத்தரப்பிரதேசத்தின் லக்னோவிலிருந்து சுற்றுலா வந்த குழு அது. நாகர்கோவிலிலிருந்து புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸில் இணைக்கப்பட்டு வந்த பெட்டியை மதுரையில் கழற்றி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே யாரோ கேஸ் சிலிண்டரை விதியை மீறிக் கொண்டுவந்திருந்ததே தீக்குக் காரணம் என்று தெற்கு ரயில்வே தெரிவித்தது. 9 பேர் இறந்துபோனார்கள்.

முன்பதிவு முறையாக இருந்தது, பணமும் கட்டப்பட்டிருந்தது. ஆனால், பெட்டிக்குள் என்ன ஏறியது என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை அந்த விடியற்காலை விட்டுச் சென்றது. டிக்கெட் எடுப்பவரின் வேலை டிக்கெட்டோடு முடிவதில்லை.

விஸ்வநத்தத்திலிருந்து கிளம்பும் குழுவுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். சென்னையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் கொண்டுபோவது இந்த ஊர்க்காரர்களுக்கு இயல்பான ஆசை. ஆனால், ரயிலில் பட்டாசு எடுத்துச் செல்வது ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஒருவர் பையில் ஒரு பெட்டி பிடிபட்டால், விசாரணை முடியும்வரை மொத்தக் குழுவின் பயணமும் தடுமாறும். கிளம்பும் முன் ஆலை வாசலிலோ பள்ளி மைதானத்திலோ ஒவ்வொரு பையையும் அந்தந்தக் குழுவின் பொறுப்பாளர் திறந்து பார்ப்பதற்கு 15 நிமிடம் ஒதுக்கலாம்.

நாள் கணக்கு இதுதான்

* 90-ஆவது நாள்: நிலையத்தில் விசாரணை, கடிதம், சலுகைப் படிவம்.
* 65-ஆவது நாள்: அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்ப் பட்டியல், ஆறு ஆறாகப் பிரித்தது, ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பாளர்.
* 60-ஆவது நாள்: இருப்பைப் பார்த்துவிட்டு முன்பதிவு. ஒரு டிக்கெட்டின் பி.என்.ஆர். கைக்கு வந்தபிறகே அடுத்த டிக்கெட்.
* 3-ஆவது நாள் இரவு: பெயர் விலகலுக்குக் கடைசி நேரம்.
* 48 மணி நேரத்துக்கு முன்: பள்ளி என்றால் ஒரே கடிதத்தில் அத்தனை பெயர் மாற்றமும். கம்பெனி என்றால் இந்த வழி கிடையாது. குடும்ப உறுப்பினர் வருவதாக இருந்தால் மட்டும் 24 மணி நேரத்துக்கு முன் கேட்கலாம். மற்றவை ரத்துதான்.
* கிளம்பும் நாள்: பெட்டி, பெர்த் எண்கள் எல்லோர் கையிலும், பை சோதனை, ஏழு பொறுப்பாளர்களிடமும் அசல் அடையாள அட்டை.

திரும்பி வரும் டிக்கெட்டுகளுக்கும் இதே நாள் கணக்குதான். ஆனால், சென்னையிலிருந்து ஏறும் நாளுக்குத் தனியாக 60 நாள் எண்ண வேண்டும். மூன்று நாள் சுற்றுலா என்றால், போகும் டிக்கெட் எடுத்த அன்றைக்கே வரும் டிக்கெட் கிடைக்காது. அந்த இன்னொரு தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.